காபி புளிக்கிறது என்றால் குறையா, குணமா? எப்படிச் சொல்வது?

அரைத்தூள்

லைட் ரோஸ்ட் காபிக்கொட்டை ஒரு பை வாங்கினேன். எத்தியோப்பியா, வாஷ்டு. பையின் மேல் 'பிரைட் அசிடிட்டி, ஆரஞ்சு, தேன்' என்று போட்டிருக்கிறது. குடித்தால் ஆரஞ்சும் தெரியவில்லை, தேனும் தெரியவில்லை. புளிக்கிறது, அவ்வளவுதான்.

பேப்பர் பில்டர் வைத்த டிரிப்பரில் போடுகிறேன். 15 கிராம் தூள், 240 மில்லி தண்ணீர். கொதித்த தண்ணீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுகிறேன். அரைப்பு கொஞ்சம் பெரிது. ஒன்றே முக்கால் நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிடுகிறது.

பழைய இழைகளைப் புரட்டினேன். ஒருவர் புளிப்பு என்கிறார், ஒருவர் அசிடிட்டி என்கிறார், இன்னொருவர் பிரைட் என்று சிலாகிக்கிறார். மூன்றும் ஒன்றேதானா? என் கோப்பையில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மல்லிகை, பெர்கமாட் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. சாதாரண வார்த்தையில் சொல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

கருவறுவல்

மூன்றும் ஒன்றுதான். விற்பவர் சொன்னால் பிரைட், குடிப்பவர் சொன்னால் புளிப்பு. லைட் ரோஸ்ட்டில் அமிலம் அதிகம், பிஎச் குறைவு, அதனால் புளிக்கிறது. வறுக்க வறுக்க அமிலம் போய்விடும். டார்க் ரோஸ்ட் வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது.

மெதுவாகக்குடி

எனக்கும் அசிடிட்டி தொல்லை உண்டு. வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். குடித்த அரை மணி நேரத்தில் நெஞ்சு கரிக்கும். லைட் ரோஸ்ட் என்றால் இன்னும் மோசமா?

அரைத்தூள்

@மெதுவாகக்குடி நான் கேட்டது வாயில் தெரிகிற ருசியை. வயிறு இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

குவளைமேசை

காபியை ருசி பார்த்துத் தரம் சொல்கிற கப்பிங் மேசையில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் @கருவறுவல் சொன்னது. பாதி சரி. வறுக்கும்போது சிட்ரிக், மாலிக் அமிலங்கள் சிதைந்து குறைவது உண்மை. ஆனால் எல்லா அமிலமும் போய்விடுவதில்லை. குளோரோஜெனிக் அமிலம் உடைந்து குயினிக் அமிலம் உண்டாகிறது, வறுவல் கருக்கக் கருக்க அது கூடுகிறது. கருவறுவலில் நாக்கைப் பிடித்து இழுக்கிற கடுமையில் அதற்கும் பங்குண்டு.

பிஎச் கணக்கு இன்னும் ஏமாற்றும். எந்தக் காபியும் ஏறக்குறைய 5ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆரஞ்சுச் சாறு 3.5 முதல் 4 வரை இருக்கும், அதாவது காபியைவிடப் பல மடங்கு அமிலம். ஆனால் ஆரஞ்சுச் சாறு குடித்து யாரும் முகம் சுளிப்பதில்லை. கூடவே இனிப்பும் வாசனையும் இருக்கின்றன. அமிலம் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து நாக்கு தீர்ப்பு சொல்லாது. பக்கத்தில் துணைக்கு என்ன இருக்கிறது என்றும் பார்க்கும்.

எங்கள் தொழிலில் அசிடிட்டி என்றால் அமிலம் தருகிற ருசி. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அது துணையோடு வந்தால் பிரைட் என்கிறோம், துணையில்லாமல் தனியாக வந்து குத்தினால் புளிப்பு என்கிறோம். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷனின் பழைய கப்பிங் விதிமுறையிலேயே அப்படித்தான் இருந்தது: பிடித்தால் பிரைட்னஸ், பிடிக்காவிட்டால் சவர். வேடிக்கை என்னவென்றால், இது ருசி விவரம் மாதிரி தெரியும், உண்மையில் அபிப்பிராயம். 2023இல் அவர்கள் சோதனையாக வெளியிட்ட புதிய முறையில் அந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு தாள், பிடித்திருக்கிறதா என்பதற்கு வேறு தாள்.

@அரைத்தூள், உங்கள் கோப்பைக்கு வருவோம். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வாயில் வைத்ததும் புளிப்பு எப்படி வந்தது, சுருக்கென்றா, மெல்லவா? புளிப்போடு வேறு ஏதாவது தெரிந்ததா? விழுங்கி அரை நிமிடம் கழித்து வாயில் என்ன மிச்சம் இருந்தது?

கருவறுவல்

அப்படியானால் நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். பிரைட் என்பது பிடித்தவர் வைக்கும் பெயர்.

குவளைமேசை

ஒரு அளவுக்கு ஆமாம். ஆனால் பெயர் வைப்பது நம் இஷ்டமாக இருந்தாலும், கோப்பைக்குள் உள்ள வித்தியாசம் நிஜம். அதை ஒரு செலவும் இல்லாமல் பார்க்கலாம். அரைத்தூள் பதில் சொல்லட்டும், பிறகு சொல்கிறேன்.

அரைத்தூள்

காலையில் போட்டுக் குடித்தேன், கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வந்த விதம்: சுருக்கென்று. தாடைக்குக் கீழே எச்சில் ஊறியது. பல் லேசாகக் கூசியது. கூட வந்தது: கொஞ்சம் உப்புக் கரித்த மாதிரி இருந்தது. இது என் பிரமையா தெரியவில்லை. மிச்சம்: ஒன்றும் இல்லை. விழுங்கியதும் சட்டென்று காலியாகிவிட்டது, தண்ணீர் குடித்த மாதிரி.

குவளைமேசை

பிரமை இல்லை. சுருக்கென்ற புளிப்பு, லேசான உப்பு, வாயில் கனமில்லாத நீர்த்த தன்மை, விழுங்கியதும் காலி. இந்த நாலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் தூளிலிருந்து சாரம் போதுமான அளவு இறங்கவில்லை என்று அர்த்தம். உங்கள் வாயே கண்டுபிடித்துவிட்டது. 'புளிக்கிறது' என்று மட்டும் சொல்லியிருந்தால் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

காரணம் இது. தண்ணீர் பட்டதும் அமிலங்கள் வேகமாகக் கரைந்து வந்துவிடும். இனிப்பாகத் தோன்றுகிற, வாயை நிறைக்கிற பொருள்கள் கொஞ்சம் தாமதமாக வரும். கசப்பும் துவர்ப்பும் கடைசிவரை சொட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் பெரிதாக அரைத்து, ஆறிய தண்ணீர் ஊற்றி, ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடித்துவிடுகிறீர்கள். முதலில் வருவது மட்டும் வந்தது, அதற்குத் துணையாக வரவேண்டியது தூளிலேயே தங்கிவிட்டது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வழக்கம்போல 15 கிராம், 240 மில்லி. ஆனால் டிரிப்பருக்குக் கீழே மூன்று கோப்பை தயாராக வையுங்கள். தூள் 30 மில்லி அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மீதி 210 கீழே வரும். எழுபது எழுபதாகக் கோப்பையை மாற்றுங்கள். மூன்றையும் கொஞ்சம் ஆறவிட்டுத் தனித்தனியாகக் குடித்துவிட்டு என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள். அழகான வார்த்தை வேண்டாம். 'பல் கூசுகிறது', 'நாக்கு வறள்கிறது', 'ஒன்றுமே இல்லை' என்பதெல்லாம் அருமையான வார்த்தைகள்.

பால்கொஞ்சம்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் எஸ்பிரெசோவில். 18 கிராம் தூள் போட்டு 36 கிராம் காபி எடுக்கிறேன். ஒரே புளிப்பு. 'புளித்தால் சன்னமாக அரை' என்று எல்லோரும் சொல்வதால் சன்னமாக்கிக்கொண்டே போகிறேன். இப்போது 45 செகண்ட் ஆகிறது. புளிப்பு குறைவதற்குப் பதில் கூடுகிறது. பால் ஊற்றித்தான் சமாளிக்கிறேன்.

குவளைமேசை

45 செகண்டில் 36 கிராம் என்றால் அங்கே இருப்பது புளிப்புதானா என்று எனக்குச் சந்தேகம். விழுங்கிய பிறகு எச்சில் ஊறுகிறதா, நாக்கு வறள்கிறதா?

பால்கொஞ்சம்

வறள்கிறது. உதட்டின் உள்பக்கம்கூட இழுத்துப் பிடிக்கிறது. ரொம்ப நேரத்துக்கு அது விடாது. ஆனால் முகம் சுளிக்க வைக்கிறதே, அது புளிப்பு இல்லையா?

நுனிநாக்கு

புளிப்பு நாக்கின் ஓரத்தில்தான் தெரியும், கசப்பு அடிநாக்கில். எங்கே தெரிகிறது என்று பார்த்தாலே போதுமே.

குவளைமேசை

@நுனிநாக்கு அந்த நாக்கு வரைபடம் பாடப்புத்தகத்தில் இருந்தாலும் தப்பு. எல்லா ருசியும் நாக்கில் எல்லா இடத்திலும் தெரியும், இடத்துக்கு இடம் கூர்மையில் சின்ன வித்தியாசம் மட்டும்தான். எங்கே தெரிகிறது என்பதை நம்பிக் காபியைத் திருத்தக் கிளம்பினால் சுற்றிச்சுற்றி வருவீர்கள்.

@பால்கொஞ்சம் புளிப்பையும் கசப்பையும் மாற்றிச் சொல்வது ரொம்ப சகஜம். ருசி ஆராய்ச்சி செய்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுமே முகத்தைச் சுளிக்க வைப்பதால் குழம்புகிறது. உங்கள் விஷயத்தில் துவர்ப்பு வேறு சேர்ந்திருக்கிறது. வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சை. இன்னொன்றில் இனிப்புச் சேர்க்காத கொக்கோ தூள் அரைத் தேக்கரண்டி, வெந்நீரில் கலக்கியது. மூன்றாவதில் பால் சேர்க்காத கறுப்புத் தேநீர், கால் மணி நேரம் இலையை உள்ளேயே விட்டது. எலுமிச்சை எச்சிலை வரவழைக்கும், சீக்கிரம் போய்விடும். கொக்கோவின் கசப்பு மெல்ல ஏறி, விழுங்கிய பிறகும் உட்கார்ந்திருக்கும். தேநீர் எச்சிலை உறிஞ்சி நாக்கைச் சொரசொரப்பாக்கும். அப்புறம் உங்கள் எஸ்பிரெசோவைக் குடித்துவிட்டு எதற்குப் பக்கம் என்று சொல்லுங்கள்.

கருவறுவல்

சரி, சாரம் இறங்காததால் புளிப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரியாக இறக்கினாலும் புளிக்கிற காபி இருக்கிறதே? வேறொரு பை வாங்கினேன். சன்னமாக, சூடாக, மெதுவாக எல்லாம் செய்து பார்த்தாச்சு. வினிகர் மாதிரியே இருந்தது. அதையும் பிரைட் என்பீர்களா?

குவளைமேசை

மாட்டேன். அது கொட்டையிலேயே உள்ள கோளாறாக இருக்கலாம். பழம் பறித்தபின் கவனிக்காமல் கிடந்தாலோ, நொதித்தல் கைமீறிப் போனாலோ கொட்டை புளித்துவிடும். பச்சைக்கொட்டையைத் தரம் பிரிக்கும்போது முழுக்கப் புளித்த ஒரே ஒரு கொட்டை இருந்தாலும் அதை முதல் வகைக் குறையாகத்தான் கணக்கில் வைப்பார்கள். இந்தப் புளிப்பை வாயில் வைக்கும் முன்பே மூக்கு சொல்லிவிடும். தூளை முகர்ந்தாலே வினிகர் நெடி, அழுகிய பழ நெடி. அரைப்பை மாற்றினால் போகாது. இன்னும் கூடினாலும் கூடும்.

வறுவல் உள்ளே ஏறாமல் விட்டாலும் புளிக்கும். அதில் பச்சைப் புல், வேகாத தானிய வாசனை கூட வரும். கொட்டையைக் கடித்தால் நொறுங்காமல் கல்லாக இருக்கும். அதற்கும் உங்கள் கையில் மருந்து இல்லை.

எனவே சாதாரணத் தமிழில் நான் இப்படிப் பிரிப்பேன். காய்ப் புளிப்பு: சுருக்கென்று வந்து பல்லைக் கூசவைத்துவிட்டு ஓடிவிடும். பழப் புளிப்பு: எச்சில் ஊறும், ஆனால் பின்னாலேயே ஏதோ இனிப்பு வரும், இன்னொரு வாய் குடிக்கத் தோன்றும். புளித்துப்போன புளிப்பு: மூக்கிலேயே தெரியும். பிரைட் என்று பையில் எழுதுகிறவர்கள் சொல்ல வருவது நடுவில் உள்ளதை. முதலாவதை நீங்கள் சரிசெய்யலாம், கடைசியை விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

நுனிநாக்கு

அப்படியானால் காபி ருசிகளின் பெயர்களை வட்டமாக அடுக்கிய பிளேவர் வீலில் இருக்கிற வார்த்தைகளையே பயன்படுத்தினால் என்ன? அது எல்லோருக்கும் பொதுவானதுதானே.

குவளைமேசை

மேசையில் பத்துப் பேர் ஒரே காபியைப் பற்றிப் பேச அது உதவும். 1995இல் வந்தது, 2016இல் புதுப்பித்தார்கள். ஆனால் அதிலேயே பாருங்கள், எலுமிச்சை பழங்களின் பக்கத்தில் இருக்கும், சிட்ரிக் அமிலம் புளிப்பும் நொதிப்பும் சேர்ந்த பக்கத்தில் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? உங்கள் நாக்குக்கு ஏற்கனவே பழக்கமான நாலைந்து புளிப்பு போதும். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, வினிகர். கோப்பையில் இருப்பது இவற்றில் எதற்குக் கிட்ட என்று கேட்டால் பதில் வந்துவிடும். எதற்கும் கிட்ட இல்லை என்றாலும் அதுவும் பதில்தான்.

அரைத்தூள்

மூன்று கோப்பை வேலை முடிந்தது. எழுதி வைத்ததை அப்படியே போடுகிறேன்.

முதல் கோப்பை: நல்ல கறுப்பு, கெட்டியாக இருந்தது. ஒரு வாயிலேயே தாடை சுருங்கியது. எலுமிச்சைக்குக் கிட்ட. உப்பு நன்றாகவே தெரிந்தது.

இரண்டாவது: செம்பழுப்பு. புளிப்பு இருக்கிறது, ஆனால் இதமாக. இதைத் தனியாகவே குடிக்கலாம். இனிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன், இனிப்பு வரப்போகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது: தேநீர் நிறம். புளிப்பே இல்லை. லேசான கசப்பு, நனைந்த காகித வாசனை. இதை எதற்குக் குடிக்கவேண்டும் என்று தோன்றியது.

ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் முதல் கோப்பையின் குத்தல் பாதியாகிவிட்டது. நல்லதாக ஒன்றுமே இல்லாத மூன்றாவது கோப்பை அதைச் சரிசெய்கிறது என்பது ஆச்சரியம்தான்.

அப்புறம் அரைப்பை நான்கு கிளிக் சன்னமாக்கி, கொதித்த தண்ணீரை ஆறவிடாமல் ஊற்றினேன். முதலில் 45 மில்லி ஊற்றி அரை நிமிடம் விட்டு, மீதியை மெதுவாக. மொத்தம் 2 நிமிடம் 50 செகண்ட். இப்போது எலுமிச்சை போய் ஆரஞ்சுக்குக் கிட்ட வந்திருக்கிறது. உப்பு இல்லை. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வாயில் ஏதோ இருக்கிறது. தேன் மட்டும் இன்னும் தெரியவில்லை.

குவளைமேசை

தேனைத் தேடவேண்டாம். வடித்த காபியில் நாக்குக்குத் தெரிகிற அளவு சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. கொட்டையில் இருந்ததெல்லாம் வறுக்கும்போதே பெரும்பாலும் போய்விடும். இனிப்பு என்று நாம் சொல்வதில் வாசனைக்குத்தான் பெரும் பங்கு. 'இனிப்பு வரப்போகிற மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, பையில் உள்ளதைவிட அது நல்ல விவரிப்பு.

அரைத்தூள்

இன்னும் ஒரு சந்தேகம். சூடாக இருக்கும்போது ஆரஞ்சு, ஆறியதும் திரும்ப எலுமிச்சை ஆகிவிடுகிறது. எந்தச் சூட்டில் சொன்ன ருசி சரி?

குவளைமேசை

ஆறும்போது புளிப்பு முன்னால் வருவது எல்லாக் காபிக்கும் நடப்பதுதான். கொதிக்கிற சூட்டில் நாக்குக்கு ஒன்றுமே சரியாகத் தெரியாது. நாங்கள் சூடாக, வெதுவெதுப்பாக, ஆறியபின் என்று ஒரே கோப்பையை மூன்று நிலையிலும் குடித்துப் பார்ப்போம். எந்த நிலையில் குடித்தேன் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும். இருந்தாலும் ஆறியதும் கூசுகிற அளவுக்குப் போகிறது என்றால், என்ன தண்ணீர்?

அரைத்தூள்

ஆர்ஓ இயந்திரத் தண்ணீர். சுத்தமாகத்தானே இருக்கும்?

குவளைமேசை

சுத்தம்தான், அதுவே காரணமாக இருக்கலாம். சாதாரணத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் காபியின் அமிலத்தில் ஒரு பங்கை அடக்கிவிடும். ஆர்ஓ தண்ணீரில் அது ரொம்பக் குறைவு. அமிலம் அப்படியே முழுசாக நாக்குக்கு வரும். நேர்மாறாக, பைகார்பனேட் அதிகமுள்ள கடினத் தண்ணீரில் எந்தப் பிரைட் காபியும் மண் மாதிரி மொண்ணையாகிவிடும்.

சோதிக்க வேண்டுமானால், 1 கிராம் சமையல் சோடாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு அந்தக் கரைசலில் 7 மில்லி. அதற்குமேல் போகவேண்டாம், போனால் புளிப்போடு ஆரஞ்சும் சேர்ந்து போய்விடும். அரைப்பு, சூடு எதையும் மாற்றாமல் இரண்டு தண்ணீரிலும் போட்டு அருகருகே வைத்துக் குடியுங்கள். எது எது என்று தெரியாதபடி வேறு யாரையாவது கோப்பையை மாற்றி வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

கருவறுவல்

புளிக்கிற கொட்டையை வாங்கி, சோடா போட்டுப் புளிப்பை எடுத்து, அதற்கு ஒரு கரைசல் வேறு. என் டார்க் ரோஸ்ட்டுக்கு இந்த வம்பே இல்லை. ஒன்றைத் தவிர. காலையில் போட்டு பிளாஸ்கில் வைத்தது மதியம் புளிக்கிறது. கொட்டையும் அதேதான், அரைப்பும் அதேதான்.

குவளைமேசை

சூட்டிலேயே வைத்திருந்தால் காபிக்குள் உள்ள லாக்டோன்கள் என்ற பொருள்கள் தண்ணீரோடு சேர்ந்து திரும்ப அமிலமாகும். மணிக்கணக்கில் பிஎச் இறங்கிக்கொண்டே போகும். அதற்கு அரைப்பு காரணமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குடியுங்கள்.

மெதுவாகக்குடி

அப்படியானால் பிளாஸ்க் காபிதான் எனக்கு நெஞ்சு கரிக்கக் காரணமா?

குவளைமேசை

வாயில் புளிப்பதும் வயிற்றைப் படுத்துவதும் ஒன்றோடு ஒன்று நேராகப் பொருந்தாது. வாயில் கொஞ்சமும் புளிக்காத காபிகூட சிலருக்கு நெஞ்சு கரிக்கவைக்கும். அதை மருத்துவரிடம் கேளுங்கள், இங்கே யாரும் ஊகிக்கவேண்டாம்.

பால்கொஞ்சம்

எலுமிச்சை, கொக்கோ, தேநீர் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். என் எஸ்பிரெசோ எலுமிச்சைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. தேநீர்தான், கொஞ்சம் கொக்கோவும். அரைப்பைப் பெரிதாக்கி 28 செகண்டுக்குக் கொண்டுவந்தேன். வறட்சி போய்விட்டது, உதடு இழுப்பதில்லை. இப்போதுதான் உண்மையான புளிப்பு ஒன்று தெரிகிறது, பச்சை ஆப்பிளுக்குக் கிட்ட. பால் ஊற்றினால் அது மட்டும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. பாலுக்கு வேறு கொட்டைதான் வாங்க வேண்டுமா, இதையே இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா?

குவளைமேசை

18க்கு 36 என்பதை 42 வரை விட்டுப் பாருங்கள், அரைப்பைத் தொடாமல். அப்போதும் ஆப்பிள் தனியாக நின்றால் அந்தக் கொட்டையைப் பால் இல்லாமல் குடியுங்கள்.

கருவறுவல்

அல்லது டார்க் ரோஸ்ட் வாங்குங்கள்.